இணையக் கடைச் சட்டையும் அம்மாவின் இடக்கையும்



மார்பக அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அம்மாவின் இடக்கை வீங்கத் தொடங்கியது. அக்கையில் இறுக்கமான துணி படக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரவிக்கையின் கொக்கிகளும் தொல்லையாகவே, சுங்கை சிப்புட் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் சேலையைத் தவிர வேறொன்று அறியாத அம்மா, பஞ்சாபி உடைக்கு இசைந்தார். தோட்டத்துத் தையற்காரரிடம் அளவே கொடுக்க வேண்டியதில்லை. ஆளைப் பார்த்தே வெட்டுவார். தோட்டமும் இல்லை, அவரும் இல்லை. தங்கை மகளின் நிச்சயதார்த்தத்திற்காக இணையத்தில் ஒரு குர்த்தி தேடினோம். அம்மாவுக்குக் கை நுழையவில்லையென்றால் அவர் வீட்டிலேயே தங்கிவிடுவார். அதுதான் என் கவலை.

முதலில் அளவு அட்டவணையைப் பார்ப்போம். L 40, XL 42, XXL 44 என்று அங்குலத்தில் போட்டிருப்பார்கள். அது உடலின் அளவா, துணியின் அளவா என்பதைத்தான் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அட்டவணையில் தோள்பட்டை அகலம், கை நீளம், சட்டையின் நீளம் ஆகியவை இருந்தால் பெரும்பாலும் அது துணியைத் தரையில் விரித்து அளந்தது. உயரமும் இடுப்பும் மட்டும் இருந்தால் உடலுக்கானது. சில உள்நாட்டு விற்பனையாளர்கள் PTP 48 cm என்று எழுதுவார்கள். ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை என்று பொருள். இரண்டால் பெருக்கினால்தான் மார்புச் சுற்றளவு.

எங்கள் குர்த்தியின் அட்டவணை துணி அளவு. அம்மாவின் மார்பு 104 செ.மீ. XL என்பது 107 செ.மீ.; மூன்று செ.மீ. தளர்வு மட்டுமே. நீளாத ரேயான் துணிக்கு அது போதாது. மூச்சு விட்டாலே தையல் இழுக்கும். XXL 112 செ.மீ.; எட்டு செ.மீ. தளர்வு. அதுவே சரி. பனியன் துணியாக இருந்தால் இக்கணக்குச் செல்லாது. அது உடலோடு நீண்டு கொடுக்கும்.

அடுத்து, படத்திலுள்ள பெண். உயரம் 173 செ.மீ., அணிந்திருப்பது S என்று அடிக்குறிப்பு. சட்டையின் நீளம் 46 அங்குலம், அதாவது 117 செ.மீ. படத்தில் அது கெண்டைக்காலில் நின்றது. அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்துத் தோளிலிருந்து தரை வரை அளந்தேன்: 125 செ.மீ. ஆக, தரைக்கு எட்டு செ.மீ. மேலே, கணுக்காலில் விழும். நீளம் கூடினால் மடித்துத் தைக்கலாம். ஆனால் பக்கத் திறப்பு அப்படியன்று. படத்தில் இடுப்பருகே தொடங்கும் திறப்பு, குட்டையானவருக்குத் தொடையில் போய் நிற்கும். அப்போது இடுப்பின் முழுச் சுற்றும் மூடிய துணிக்குள் அடங்கியாக வேண்டும். இடுப்பளவையும் பார்த்துக்கொண்டேன், இடம் இருந்தது.

விமர்சனங்களுக்கு வருவோம். 'விரைவில் வந்து சேர்ந்தது' என்று ஐந்து நட்சத்திரம் கொடுப்பவர்கள் பையைப் பிரித்ததோடு சரி, உடுத்திப் பார்த்திருக்கமாட்டார்கள். நான் இரண்டு, மூன்று நட்சத்திரங்களைத்தான் படிப்பேன். நம் நாட்டவர் உயரத்தையும் எடையையும் எழுதிவிடுவது பெரும் உதவி. எனினும் எடை கையின் பருமனைச் சொல்லாது. விமர்சனத்தின் கீழே எந்த நிறம், எந்த அளவு என்று சிறு எழுத்தில் இருக்கும். அதையும் பார்க்க வேண்டும். ஒரே பக்கத்தில் பருத்தியையும் ரேயானையும் சேர்த்து விற்பார்கள். ரேயான், முதல் சலவையில் சுருங்கக்கூடியது. 152 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்மணி, 'மார்பு சரி, கை மட்டும் இறுக்கம், தையலைப் பிரித்தேன்' என்று எழுதியிருந்தார். நாங்கள் தேடிய வரி அதுதான்.

அட்டவணையில் கையின் நீளம் உண்டு, சுற்றளவு இல்லை. கையை விரித்து, மேற்பகுதியில் அளவுநாடா வைத்துப் படம் அனுப்புமாறு விற்பனையாளரிடம் கேட்டேன். XXL 18 செ.மீ., இரட்டித்தால் 36. அம்மாவின் வலக்கை 34, இடக்கை 38. இடக்கையைக் காலையில் அளந்தால் குறைத்துக் காட்டும். வீக்கம் மாலையில் கூடும். ஆகவே மாலையில் அளந்தேன். அதற்கு அடுத்த அளவும் 39தான், ஒரு செ.மீ. தளர்வு அந்தக் கைக்கு எதற்கு ஆகும்? அதற்காக இன்னும் பெரிய சட்டை வாங்கினால் தோள் வழிந்துவிடும்.

கையைத் தைக்காமல் தனித் துண்டாகப் பைக்குள் வைத்துத் தரும் குர்த்திகளும் உண்டு. விளக்கத்தின் கடைசி வரியில் அதைக் குறிப்பிட்டிருப்பார்கள். அதே விற்பனையாளரிடம் அவ்வகையில் XXL வாங்கினோம். ஈப்போ லிட்டில் இந்தியாவில் தைக்கும் அக்கா ஒருவர், கீழ்மடிப்பை உயர்த்தியதில் கிடைத்த துணியிலிருந்து ஒரு பட்டையை வெட்டி, அக்குளிலிருந்து முழங்கை வரை இடக்கையில் மட்டும் சேர்த்தார். கைத்துளையையும் இரண்டு விரல் தாழ்த்தினார். 44 செ.மீ. வந்தது. கூலி இருபது வெள்ளி.

உடுத்தியதும் அம்மா முதலில் இடக்கையைத்தான் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தார்.