புகாருக்குப் பின் வரும் உத்தரவு

மொட்டைக் கடிதாசிக்கு நம் அலுவலகங்களில் நீண்டதொரு மரபு உண்டு. இடக்கையால் எழுதி, பக்கத்து ஊர் அஞ்சற்பெட்டியில் போடப்படும் அந்தத் தாளைக் கோழைத்தனத்தின் அடையாளமாகக் காண்பதே வழக்கம். வங்கிப் பணியில் பல்லாண்டுகளைக் கழித்துவிட்டு, இப்போது மாலைகளில் சங்க அறையில் அமர்ந்து பிறருக்கு மனு எழுதிக்கொடுக்கும் எங்களால் அதை அவ்வளவு எளிதாக இகழ முடிவதில்லை. கையெழுத்தில்லாத புகாரின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்பது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் நெறி. ஆகவே புகார் உயிர்பெறக் கையெழுத்து வேண்டும். கையெழுத்து விழுந்தபின், எழுதியது யார் என்பது பெரும்பாலும் எழுதப்பட்டவருக்குத் தெரிந்துவிடுகிறது. பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள், புகாரின் நகலை ஏழு வேலை நாட்களுக்குள் எதிர்த்தரப்புக்கு அனுப்பிவிடச் சொல்கின்றன. அது நியாயமும்கூட, குற்றம் சாட்டப்பட்டவர் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

சிக்கல் அங்கிருந்து தொடங்குகிறது. பதில் சொல்ல வேண்டிய அந்த மனிதரிடமே புகார் கொடுத்தவரின் விடுப்பு விண்ணப்பமும், வேலைப் பங்கீடும், ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையும் இருக்கின்றன. இவற்றில் எதையும் அவர் சட்டத்தை மீறிச் செய்ய வேண்டியதில்லை. தமக்கு உள்ள அதிகாரத்தை வழக்கம்போலப் பயன்படுத்தினாலே போதும். பழிவாங்கல் என்றதும் வேலைநீக்கத்தையே பலரும் நினைக்கிறார்கள். நாங்கள் கண்டவரையில் அது அபூர்வம். வருவது ஓர் இடமாற்ற உத்தரவு. அதில் 'நிர்வாகக் காரணங்களுக்காக' என்ற இரண்டே சொற்கள். இடமாற்றம் பணியின் இயல்பான ஓர் அங்கம் என்பதால் நீதிமன்றங்களும் அதில் எளிதில் தலையிடுவதில்லை. பழிவாங்க நினைப்பவருக்கு இதைவிடப் பாதுகாப்பான கருவி கிடையாது.

அந்தக் கருவி ஒருமுறை முறிந்ததை விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். பஞ்சாப் அண்ட் சிந்து வங்கியின் இந்தூர் கிளையில் ஒரு பெண் அதிகாரி, நான்காம் நிலையில், முதன்மை மேலாளர். கிளையில் நடந்த முறைகேடுகளைப் பற்றி மேலிடத்துக்குப் பலமுறை எழுதினார். மேலதிகாரி மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டும் அவரிடம் இருந்தது. 2017 டிசம்பரில் அவரை ஜபல்பூர் மாவட்டத்துச் சர்சாவா கிளைக்கு மாற்றினார்கள். அது முதல் நிலை அதிகாரி ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறு கிளை. உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்ய, வங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2020 பிப்ரவரியில் நீதிபதிகள் சந்திரசூட், அஜய் ரஸ்தோகி அமர்வு, இது பழிவாங்கலே என்று தீர்ப்பளித்தது.

அவர் வென்றதற்குக் காரணம் என்ன என்று நாங்கள் பலமுறை பேசியிருக்கிறோம். மேலதிகாரியின் மனத்தில் வன்மம் இருந்தது என்று யாரும் சாட்சி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. மனத்துக்குச் சாட்சி ஏது? கடிதங்கள் இருந்தன, அவற்றில் தேதிகள் இருந்தன. அவற்றைத் தொடர்ந்து உத்தரவு வந்தது. அந்த உத்தரவோ நான்காம் நிலை அதிகாரியை முதல் நிலை இருக்கையில் உட்கார வைத்தது. காலவரிசையும் பொருத்தமின்மையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டபோது 'நிர்வாகக் காரணம்' என்ற சொல்லுக்குப் பொருள் இல்லாமல் போயிற்று. விசாரணைக் குழுவில் வெளியாளாக அமர்ந்தவர் அதே வங்கியின் வழக்கறிஞர் பட்டியலில் இருந்தவர் என்பதும் வெளிவந்தது. குழுவில் யார் யார் என்பதைப் புகார் கொடுக்கும் முன்பே விசாரித்து வைக்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

ஆகவே ஆயத்தம் என்பது புகாருக்கு முந்தைய வாழ்க்கையைத் தாளில் பிடித்து வைப்பதுதான். கடந்த ஐந்தாறு ஆண்டுகளின் மதிப்பீட்டு அறிக்கைகள், பாராட்டுக் கடிதங்கள், தற்போதைய வேலைப் பங்கீட்டு ஆணை ஆகியவற்றின் நகல்கள் வீட்டில் இருக்க வேண்டும். இடமாற்றம் ஆனபின் பழைய கிளையின் அலமாரியும் அலுவலக மின்னஞ்சலும் எட்டாத தூரத்தில் இருக்கும். அதே வேளையில் வாடிக்கையாளரின் கணக்கு விவரங்களைப் படியெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது பெரும் ஆபத்து. ரகசியத்தை மீறினார் என்று புகார் கொடுத்தவர் மீதே குற்றச்சாட்டுக் குறிப்பாணை பிறக்கும், முறைகேடு மறக்கப்பட்டுவிடும். ரசீது எண்ணையும் தேதியையும் புகாரில் எழுதினால் போதும், ஆவணத்தை வரவழைப்பது விசாரிப்பவரின் வேலை. சொந்தக் கணக்கையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய பயணப்படிப் பட்டியல்கள், மருத்துவச் செலவுச் சீட்டுகள், வருகைப் பதிவேடு எல்லாம் தோண்டப்படும்.

எங்களிடம் வந்த எழுத்தர் ஒருவருக்கு, புகார் கொடுத்த எட்டாம் நாள், பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அவர் கோபத்தில் நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதைக் கிழித்துவிட்டு ஐந்து வரியில் பதில் எழுதினோம். தாமதத்தை ஒப்புக்கொண்டோம். அதே மாதத்தில் அதே அளவு தாமதமாக வந்த பிறருக்கும் மெமோ தரப்பட்டதா என்று பணிவாகக் கேட்டோம். தாம் இன்ன தேதியில் கொடுத்த புகாரையும் குறிப்பிட்டோம். அந்த மெமோவுக்குப் பிறகு வேறு கடிதம் வரவில்லை. எப்போதும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டோம்.

கையில் கொடுத்தால் நகலில் பெறுகை முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். மறுத்தால் அஞ்சல்தான் வழி. பலரும் இன்னும் பதிவுத் தபால் என்றே சொல்கிறார்கள், 2025 செப்டம்பரில் அது விரைவு அஞ்சலோடு இணைந்துவிட்டது (எத்தனை சிறுகதைகளில் வந்த பதிவுத் தபால்!). ஒப்புகை கேட்டு அனுப்பினால் போதும்.

பாலியல் துன்புறுத்தல் புகாரானால் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இந்தச் சட்டத்தில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு வாய்ப்பு உண்டு. விசாரணை முடியும்வரை எதிர்த்தரப்பினர் தம்முடைய மதிப்பீட்டு அறிக்கையை எழுதக்கூடாது, வேறோர் அதிகாரி எழுத வேண்டும் என்று புகார் கொடுத்தவர் கேட்கலாம். கேட்டால்தான் குழு அதைப் பரிந்துரைக்க முடியும், அதுவும் எழுத்தில் கேட்டால்தான். எனவே அந்த ஒரு பத்தியைப் புகாரிலேயே சேர்த்துவிடுகிறோம்.

இத்தனைக்குப் பிறகும் இடமாற்ற உத்தரவு வரலாம். அப்போது போக மாட்டேன் என்று வீட்டில் இருந்துவிடுவதுதான் மிகப் பெரிய அபாயம். அனுமதியின்றிப் பணிக்கு வராமை என்று புதுக் குற்றம் ஒன்று முளைத்து, பழைய புகாரை விழுங்கிவிடும். நீதிமன்றத் தடை கிடைக்கவில்லையென்றால், எதிர்ப்பைக் கடிதத்தில் பதிந்துவிட்டுப் புது இடத்தில் சேர்வதே மேல். குழந்தையின் பள்ளியையும் முதிய தாயின் மருந்தையும் விட்டுவிட்டு மூட்டை கட்டுபவரிடம் இதைச் சொல்வது எளிதாக இல்லை.

இந்தூர் அதிகாரிக்கு உத்தரவு வந்ததற்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல். தீர்ப்பு அவரை நான்காம் நிலை அதிகாரியாக மீண்டும் இந்தூரில் அமர்த்தச் சொன்னது, ஓராண்டுக் காலத்துக்கு. வழக்குச் செலவாக 50,000 ரூபாய் தரச் சொன்னது.