நாலு மடங்கு பைப்லைனும் பித்ரு பட்சமும்

சேல்ஸில் இருப்பவர்களுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. டார்கெட்டைப் போல மூணு மடங்கு பைப்லைன் கையில் இருந்தால் போதும், குவார்ட்டர் தப்பித்துவிடும். இதைத்தான் கவரேஜ் என்பார்கள். புனேயில் நாங்கள் வீட்டுக் கடன் விற்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன் சாஃப்ட்வேர் விற்கிறான். வாய்ப்பாடு மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். உங்கள் வீட்டிலும் யாராவது மாசக் கடைசியில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால், அவர்களிடமும் இந்த மூணு மடங்குக் கணக்கு இருக்கும்.

2024 ஜூலை-செப்டம்பர் குவார்ட்டரை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் டீமுக்கு டார்கெட் 9 கோடி. இது கடன் பட்டுவாடா ஆக வேண்டிய தொகை, மனு வாங்கினால் மட்டும் கணக்கில் வராது. ஜூலையில் 2 கோடி முடிந்தது. ஆகஸ்ட் 1 அன்று பாக்கி 7 கோடி. பைப்லைன் ஷீட்டில் இருந்தது 28 கோடி. சரியாக நாலு மடங்கு. "அப்புறம் என்ன கவலை?" என்றார் ரீஜினல் ஹெட்.

கவலை அந்த 28 கோடிக்குள் இருந்தது. அதைப் பிரித்தால் இப்படி வரும்:

விசாரித்தவர்கள், இன்னும் பேப்பர் தராதவர்கள்: 16 கோடி
லாகின் ஆன ஃபைல்கள்: 7 கோடி
சாங்ஷன் ஆகி, பணம் போகாதவை: 5 கோடி

கண்காட்சி ஸ்டாலில் போன் நம்பர் எழுதிவிட்டுப் போனவரும், சாங்ஷன் லெட்டரைக் கையில் வைத்திருப்பவரும் ஒரே கூட்டலில் வருகிறார்கள். நாலு மடங்கு என்பதற்கு இங்கே ஒரு அர்த்தமும் இல்லை.

ஆக, ஒவ்வொரு கட்டத்துக்கும் நம்முடைய பழைய கணக்கு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் டீமில் 100 ரூபாய்க்கு விசாரணை வந்தால் 30 ரூபாய் லாகின் ஆகும். அதில் 21 சாங்ஷன் ஆகும். கடைசியில் 17 ரூபாய்தான் வெளியே போகும். அதாவது விசாரணைக்கு 17 சதம், லாகினுக்கு சுமார் 56, சாங்ஷனுக்கு 80.

இந்த சதவீதத்தை எடுப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த மாச சாங்ஷனை இந்த மாச லாகினால் வகுத்துவிடுவார்கள் நம்ம ஆட்கள். இந்த மாசம் சாங்ஷன் ஆனது பெரும்பாலும் போன மாச லாகின். இந்த மாசம் லாகின் குறைந்து போனால் சதவீதம் தானாக ஏறிவிடும், எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். ஜனவரியில் லாகின் ஆன ஃபைல்களை மட்டும் தனியாக எடுத்து, அவை ஒவ்வொன்றும் கடைசியில் என்ன ஆயிற்று என்று பின்தொடர வேண்டும். அலுப்பான வேலைதான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் போதும்.

சரி, பெருக்கிப் பார்த்தால் 16 கோடியில் 2.7, லாகினில் 3.9, சாங்ஷனில் 4. மொத்தம் 10.6 கோடி. வேண்டியது 7தான். அடடே, தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும். பெரும்பாலான ஷீட்கள் இங்கேயே நின்றுவிடும்.

ஆனால் 10.6 கோடி எப்போது வரும்? விசாரணையிலிருந்து பணம் போகும்வரை எங்களுக்குச் சுமார் 70 நாள் ஆகிறது. பேப்பர் சேர்க்க மூணு வாரம். வக்கீல் ஒப்பீனியன், மதிப்பீடு, சாங்ஷன் என்று இரண்டு வாரம். அதற்கப்புறம் பத்திரப்பதிவு, அது இது என்று ஐந்து வாரம். ஆகஸ்ட் 1-இல் நின்று பார்த்தால் செப்டம்பர் 30-க்கு 60 நாள்தான்.

அந்த 60 நாளும் முழுசாகக் கிடையாது. நமக்கு ஆடி மாதிரி, இங்கே பித்ரு பட்சம். நம்மூர் மகாளய பட்சம்தான். அந்தப் பதினைந்து நாளில் வீடு பதிவு செய்ய பலர் வரமாட்டார்கள். 2024-இல் கணபதியைக் கரைத்த மறுநாள், செப்டம்பர் 18-இல் ஆரம்பித்து அக்டோபர் 2-இல் முடிந்தது. குவார்ட்டரின் கடைசி இரண்டு வாரத்தை, டார்கெட் துரத்துகிற அந்த வாரங்களை, அப்படியே விழுங்கிவிட்டது. கையில் இருந்தது 48 நாள்.

48 நாள் என்று வைத்து மறுபடி போட்டேன். விசாரணையிலிருந்து வரும் 2.7-இல் பத்தில் ஒரு பங்குகூட சந்தேகம், 27 லட்சம். லாகினிலிருந்து வரும் 3.9-இல் பாதிதான் கணபதிக்குள் முடியும், 1.95 கோடி. சாங்ஷன் ஆன 5 கோடியில் பாதி, கட்டி முடியாத ஃப்ளாட்கள். அவற்றுக்குத் தளம் தளமாகத்தான் பணம் போகும். வரக்கூடிய 2 கோடியில் இந்தக் குவார்ட்டருக்கு 80 லட்சம். மீதிப் பாதி தயார் வீடுகள், 2 கோடி. கூட்டினால் ஏறக்குறைய 5 கோடி. வேறு வங்கியிலிருந்து மாற்றிக்கொண்டு வருகிற கடன்கள் சீக்கிரம் முடியும், புதிதாக அதில் 50 லட்சம். ஜூலையின் 2 கோடியும் சேர்த்து 7.5. டார்கெட் 9.

இதை ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே ஏன் சொல்ல வேண்டும்? சொல்லாவிட்டால் செப்டம்பர் கடைசியில் என்ன நடக்கும் என்று இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். பதிவு நடக்காத வீட்டுக்கு செக் எழுதிவிடுவார்கள். செக் டிராயரில் தூங்கும், கணக்கில் பட்டுவாடா ஆகிவிடும், வட்டி அன்றே ஓட ஆரம்பிக்கும். வீடு வாங்குகிறவர், கைக்கு வராத பணத்துக்கு வட்டி கட்டுவார். செக் தேதியிலிருந்து வட்டி போட்டுவிட்டு, செக்கைப் பல நாள் கழித்துக் கொடுத்ததைக் கண்டுபிடித்து, 2024 ஏப்ரல் 29-இல் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே விட்டது. அதிகம் வாங்கிய வட்டியைத் திருப்பிக் கொடுக்கவும் சொன்னது.

இன்னொன்று, எங்களிடம் நாலு பையன்கள் ஏஜென்சி ஒப்பந்தத்தில் இருக்கிறார்கள். அதில் ஒருவன் சாத்தாராக்காரன், ஏற்கெனவே ஒரு குவார்ட்டர் விட்டவன். இரண்டாவதும் விட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கமாட்டார்கள். அவன் கையில் இருந்தது பெரும்பாலும் விசாரணை கட்டத்து ஆட்கள். அக்டோபரில் தசராவை ஒட்டி வாங்கப்போகிறவர்களை, செப்டம்பருக்குள் தரவில்லை என்று அவனை அனுப்புவதா?

ரீஜினல் ஹெட்டிடம் ஒரு பக்கத்தில் இதை எழுதிக் கொடுத்தேன். "டார்கெட் குறையாது. ஆனால் மேலே 7.5 என்றுதான் சொல்கிறேன்" என்றார். அதுவே பெரிசு. பையன்களை லாகின் எண்ணிக்கையிலும் பார்ப்பதாக ஒத்துக்கொண்டார்.

வேலையும் மாறியது. ஆகஸ்டில் புதுசாக ஆள் பிடிக்கிற ஸ்டால் எல்லாம் அடுத்த குவார்ட்டர் கணக்கு என்று தெளிவாகிவிட்டது. இந்தக் குவார்ட்டருக்கு உதவுவது வக்கீல் மேஜையில் நிற்கிற ஃபைல்களும், தயார் வீட்டுக்காரர்கள் செப்டம்பர் 17-க்குள் பதிவு நாள் எடுப்பதும்தான். இரண்டாவது வக்கீலைச் சேர்த்தோம். தயார் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் தேதி கேட்டு எழுதிக்கொண்டோம்.

முடிவில் 7.9 கோடி. டார்கெட் தொடவில்லை. டிராயரில் ஒரு செக்கும் இல்லை. சாத்தாராப் பையனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, அவன் ஆட்களில் மூணு பேர் அக்டோபரில் வீடு வாங்கினார்கள்.

அடுத்த தடவை யாராவது "மூணு மடங்கு இருக்கே" என்றால் இரண்டே கேள்வி கேளுங்கள். எந்தக் கட்டத்தில் மூணு மடங்கு? இன்னும் எத்தனை நாள் பாக்கி? பஞ்சாங்கமும் கையில் இருந்தால் நல்லது :-)