பத்துக் கட்டத்தில் எத்தனை வேணும்?

சைன்-அப் பக்கம் டிசைன் பண்ண உட்கார்ந்தாலே கை தானாக டைப் அடிக்கும்: பெயர், மொபைல், மெயில், பிறந்த தேதி, பாலினம், முகவரி. எதுக்குன்னு கேட்டா, "எல்லா ஆப்லயும் இருக்கே" என்பதுதான் பதில்.

எங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், கேம்பஸுக்குள் ரத்தம் கொடுக்க முன்வருபவர்களைத் தேடித் தரும் ஒரு ஆப். டீமில் ஆளாளுக்குச் சொன்னதை எழுதியபோது பத்துக் கட்டங்கள் வந்தன. மேலே சொன்ன ஆறோடு ரத்த வகை, எடை, துறை, போட்டோ.

ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டோம்: இதை ஆப்பில் எந்த இடம் படிக்கப் போகுது? காலியா விட்டா எந்த வேலை நிக்கும்? "பின்னாடி தேவைப்படலாம்" என்று பதில் வந்தால் அந்தக் கட்டம் வெளியே.

போட்டோ, துறை, மெயில் மூன்றும் உடனே போயின. ஓடிபி அனுப்ப மொபைல் எண் இருக்கும்போது மெயில் எதற்கு? எடையும் போனது. ரத்தம் கொடுக்க குறைந்தது 45 கிலோ இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் ரத்த வங்கியில் எடையும் ஹீமோகுளோபினும் பார்த்த பிறகுதான் ஊசியே போடுவார்கள். நாம் வாங்கி வைத்த எடையை அங்கே யாரும் நம்பப் போவதில்லை. முகவரிக்குப் பதில் "ஹாஸ்டலா, எந்த ஏரியா?" என்பது போதும்.

பிறந்த தேதிக்குத்தான் விவாதம் நீண்டது. 18 வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு "18 முடிந்துவிட்டது" என்று ஒரு டிக் போதுமே, தேதி எதற்கு? அது சாதாரணத் தகவல் மாதிரி தெரியும், ஆனால் அப்படி இல்லை. அமெரிக்காவில் லத்தான்யா ஸ்வீனி 2000-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். பிறந்த தேதி, பாலினம், ஐந்து இலக்க ஜிப் கோடு மூன்றும் தெரிந்தால், பெயரே இல்லாமல் அந்நாட்டில் சுமார் 87% பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று கணக்கிட்டார். நம்ம கேம்பஸ் எவ்வளவு சின்னதுன்னு யோசிச்சுப் பாருங்க.

பாலினம் மட்டும் உண்மையிலேயே ஒரு வேலைக்குத் தேவைப்பட்டது. ஒருமுறை கொடுத்தபின் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். அந்தக் கணக்கை அவரவர் போனிலேயே போட்டுவிட்டு, "இந்தத் தேதிக்கு அப்புறம் கேளுங்க" என்ற ஒரு தேதியை மட்டும் சர்வருக்கு அனுப்பினோம்.

இங்கே ஒரு ஓட்டை உண்டு, கவனிங்க. நிறைய ஃப்ரேம்வொர்க்குகள் டேபிளில் `updated_at` என்று ஒரு நேரத்தையும் சேர்த்து வைக்கும். ரத்தம் கொடுத்த அன்றே ஒருவர் பதிவு செய்தால், இரண்டு தேதிகளுக்கும் இடையே 90 நாளா 120 நாளா என்று பார்த்தே பாலினத்தைச் சொல்லிவிடலாம். அதனால் அந்த நேரத்தையும் சேமிக்கவில்லை.

மொபைல் எண் கட்டாயம் வேணும். ஆனால் வேணும் என்பது வேறு, எல்லாருக்கும் காட்டுவது வேறு. என் தோழி ஒருத்திக்கு ஓ நெகட்டிவ். கொடுப்பவர்களின் எண்களைப் போட்டுச் சுற்றிவந்த ஒரு ஷீட்டில் அவள் எண்ணும் இருந்தது. ரத்தத்துக்கு வந்ததைவிட "ஹாய்" சொல்ல வந்த அழைப்புகள்தான் அதிகம். "பேரை எடுத்துடுடா, நான் வரலை" என்றாள். கிடைக்கவே கஷ்டமான வகையில் ஒரு ஆள் குறைந்தது.

எங்கள் ஆப்பில் தேடுபவருக்கு எண் தெரியாது. கோரிக்கை அவளுக்குப் போகும், விருப்பம் இருந்தால் அவளே கூப்பிடுவாள். இதில் சில நிமிடங்கள் தாமதமாகும், அவசரத்தில் அது பெரிய விஷயம்தான். அதனால் "என் எண்ணை நேரடியாகக் காட்டலாம்" என்று ஒரு டிக் வைத்தோம். வேண்டியவர் தானே போட்டுக்கொள்ளலாம்.

உங்க ஆப் ஏற்கெனவே ஓடிக்கிட்டிருந்தா, ஃபார்மில் கட்டத்தை எடுத்தால் மட்டும் போதாது. பழைய தகவல் டேபிளிலேயே உட்கார்ந்திருக்கும்:

```sql
ALTER TABLE donors DROP COLUMN dob;
```

இதற்குப் பிறகும் பழைய பேக்கப்பிலும், யாரோ லேப்டாப்பில் இறக்கி வைத்த எக்செல் ஃபைலிலும் அது இருக்கும். அவற்றையும் தேடி அழித்தால்தான் கணக்கு முடியும்.

பத்தில் அப்படியே மிஞ்சியவை மூன்று: கூப்பிடும் பெயர், மொபைல் எண், ரத்த வகை. இன்னும் மூன்று சுருங்கி ஒரு ஏரியா, ஒரு டிக், ஒரு தேதி என்று ஆனது. உங்க ப்ராஜெக்ட் ஃபார்மைத் திறந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் அதைப் படிக்கும் ஸ்க்ரீனின் பெயரை எழுதிப் பாருங்க. எழுத முடியாத கட்டத்தை இன்றைக்கே எடுத்துடுங்க.