செருப்பைத் திருப்பிப் பாருங்க

சென்னையில வேலை பார்க்கிற என் தங்கச்சி மகன் சித்திரையில ஊருக்கு வந்தப்ப எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிட்டு வந்தான். ஆன்லைன்ல 1,499 ரூபாய். காலை வைக்கிற இடத்துல தங்க எழுத்துல 'ஜெனுவின் லெதர்'னு அச்சு. "மாமா, அந்த டயர் செருப்பைத் தூக்கிப் போடுங்க, இதைப் போட்டுக்கிட்டு கல்யாணம் காட்சிக்குப் போங்க"ன்னான். ஆசையா வாங்கிட்டு வந்த பையன்கிட்ட என்ன சொல்றது? போட்டுக்கிட்டேன். மெத்துமெத்துனுதான் இருந்துச்சு.

அஞ்சு மாசம். ஆவணிக் கடைசியில ஒருநாள் சந்தையில நடந்துட்டு இருக்கும்போதே வலது கால் வார் அடியோட பிடுங்கிக்கிச்சு. காலை இழுத்துக்கிட்டே சந்தைக்கு வெளியில, வேப்பமரத்தடியில உட்கார்ந்திருக்கிற செருப்பு தைக்கிற அண்ணன்கிட்டப் போனேன். எங்க அப்பா காலத்துல இருந்து எங்க வீட்டுக்குச் செருப்பு தைக்கிறவர். நான் தூக்கிப் போடாம வச்சிருக்கிற டயர் செருப்பும் அவர் தைச்சதுதான்.

செருப்பைக் கையில வாங்கினவர் மேல் பக்கத்தைப் பார்க்கவே இல்லைங்க. முதல்ல கவிழ்த்துப் போட்டு அடியைப் பார்த்தார். அப்புறம் வாரோட விளிம்பை நகத்தால நிமிண்டினார். கடைசியாத்தான் அந்தத் தங்க எழுத்தைப் பார்த்தார்.

"இதைத் தைக்க முடியாதுங்க தம்பி. தைச்சா இன்னும் கிழியும். என்ன விலை சொன்னாங்க?"

விலையைச் சொன்னேன். ஒண்ணும் பேசாம, "நம்ம செருப்பைக் கொண்டாங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுக் காட்டுறேன்"னார். வண்டிப் பெட்டியில எப்பவும் கிடக்கும். எடுத்துட்டு வந்து கொடுத்தேன். அன்னைக்கு அரைமணி நேரத்துல அவர்கிட்டக் கத்துக்கிட்டதைத்தான் இங்கே எழுதுறேன். நீங்க நகரத்துக் கடையில நின்னு செருப்பைக் கையில எடுக்கும்போது உதவும்.

முதல்ல அடி. பையன் வாங்கிட்டு வந்தது பி.யு. அடி. அச்சுல ஊத்தி எடுக்கிறது. அலை அலையா கோலம் இருக்கும், நடுவுல ஒரு வட்டத்துக்குள்ள அளவு எண், ஓரம் முழுக்க அச்சு சேர்ந்த இடத்துல மெல்லிசா ஒரு கோடு. ஓரத்துல சுத்தியும் தையல் போட்ட மாதிரி இருந்துச்சு. அண்ணன் ஊசியை வச்சு அந்தத் தையலைத் தூக்கப் பார்த்தார், வரலை. அது நூலே இல்லை, அச்சுலயே வார்த்த தையல் உருவம்! உண்மையாத் தைச்சிருந்தா மேல் பக்கத்துத் தையலுக்கு நேரா அடியிலயும் நூல் தெரியணும், இல்லைன்னா நூல் ஓடுற பள்ளமாவது இருக்கணும். ரெண்டும் இல்லைன்னா வெறும் பசைதான் பிடிச்சிருக்கு.

பி.யு. அடியே மோசம்னு அவர் சொல்லலை. எடை குறைவு, நாள் முழுக்க நிக்கிறவங்களுக்குச் சொகுசு. ஆனா அதுக்கு ஈரக்காத்து ஆகாது. போடாம பீரோவிலயே வச்சிருந்தாலும் சில வருஷத்துல மாவா உதிர்ந்து போகும். 'ஒருதடவைகூடப் போடலை, பிஞ்சிடுச்சு'ன்னு நம்ம வீடுகள்ல புலம்புறது இதனாலதான். அதனால பழைய இருப்பைத் தள்ளுபடியில கொடுக்கும்போது அடியோட ஓரத்தைக் கட்டைவிரலால அழுத்திப் பாருங்க. பொடி ஒட்டினாலோ வெடிப்பு விட்டாலோ அது எந்த விலைக்கும் லாபம் இல்லை.

அவர் தைச்ச செருப்போட அடி லாரி டயர். கோலம்னு தனியா எதுவும் இல்லை, டயரோட பட்டையேதான். வெட்டின ஓரத்தைப் பார்த்தா ரப்பருக்கு நடுவுல நைலான் நூல் அடுக்கு அடுக்காத் தெரியும். இதுலயும் பார்க்க வேண்டியது ஒண்ணு உண்டு. ரேடியல் டயர்ல நூலுக்குப் பதிலா இரும்புக் கம்பி இருக்கும். ஓரத்துல மினுமினுன்னு புள்ளி தெரிஞ்சா அந்தச் செருப்பு வேண்டாம். தேயத் தேயக் கம்பி வெளியில வந்து காலைக் குத்தும். டயர் அடிக்கு வேற குறையும் இருக்கு. கனம் ஜாஸ்தி. பட்டை தேஞ்ச பிறகு ஈர டைல்ஸ்ல வழுக்கும்.

ரெண்டாவது வார். தோலா இல்லையான்னு மோந்து பார்த்துச் சொல்றவங்க நிறைய. வாசனையை ரெக்சின்லயும் ஏத்திடலாம். தண்ணி விட்டுப் பார்த்தாலும் முடிவு சொல்ல முடியாது. மேல பூச்சு ஏத்தின நல்ல தோலும் தண்ணி குடிக்காது. ஏமாத்தாதது வெட்டின விளிம்பு ஒண்ணுதான். தோலா இருந்தா விளிம்புல நார் நாரா, கம்பளி மாதிரி ஒழுங்கில்லாமப் பின்னிக் கிடக்கும். ரெக்சினா இருந்தா மேல ஒரு பிளாஸ்டிக் படலம், கீழ நெய்த துணி, ரெண்டும் தனித்தனியாத் தெரியும். எங்க பையன் செருப்புல எல்லா விளிம்பையும் உள்ளே மடிச்சுத் தைச்சிருந்தாங்க. அப்படி மடிச்சா வெளியிலிருந்து ஒண்ணும் தெரியாது. மடிக்கிறது தப்பில்லை, நல்ல செருப்புலயும் உண்டு. ஆனா பக்கிள் குத்துற ஓட்டையை மறைக்க முடியாதே! அண்ணன் அந்த ஓட்டையை விரிச்சுக் காட்டினார். உள்ளே வெள்ளையா துணி இழை.

தையல்ல ரெண்டு விஷயம் சொன்னார். ஒரு அங்குலத்துக்கு ஆறேழு தையல் இருந்தாப் போதும். நெருக்கமாத் தைச்சா உறுதின்னு நாம நினைக்கிறோம். அது தபால்தலை ஓரம் மாதிரி வரிசையா ஓட்டை போட்ட கணக்கு, அந்தக் கோட்டுலயே கிழியும். இன்னொண்ணு, வார் போய் அடிக்குள்ள நுழையுற இடம். செருப்பு சாகிறதே அங்கதான். ரெண்டு விரலால வாரைப் பிடிச்சு மேல இழுத்து, நுழையுற இடத்துல இடைவெளி விடுதான்னு பார்க்கணும். அவர் செருப்புல வாரை மேல் அட்டைக்குக் கீழ ரெண்டு விரல் அகலம் நீட்டி விட்டு, மெழுகு நூலால தைச்சு, அப்புறம்தான் டயரை வச்சு ஆணி அடிப்பார். எனக்குப் பிஞ்ச செருப்புல வார் உள்ளே போனது ஒரு நகத்து அளவு. அதுவும் பசையில.

மூணாவது உள்ளங்காலுக்கு அடியில இருக்கிற அச்சு. 'அப்ப ஜெனுவின் லெதர்னு போட்டது பொய்யா?'ன்னு கேட்டேன். அதான் சூட்சுமம். பொய் இல்லை. காலை வைக்கிற அந்த மெல்லிசுத் தகடு மட்டும் தோல். எழுத்து எதுமேல இருக்கோ அதுக்கு மட்டும்தான் அது சாட்சி. வாருக்கும் அடிக்கும் இல்லை.

நல்லா தேடினா அடியிலயோ ஒட்டின சீட்டுலயோ குட்டிக் குட்டிப் படங்கள் இருக்கும். ஐரோப்பாவுல விக்கிற செருப்புக்கு இந்தக் குறிகளோ, இல்லைன்னா எழுத்துலயோ இந்த விவரம் கட்டாயம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஏற்றுமதிக்குத் தைச்சு மிஞ்சினது கடைக்கு வரும்போது அதுலயும் இருக்கும். வார், உள்பக்கம், அடி மூணுக்கும் தனித்தனிக் குறி. விரிச்சுப் போட்ட தோல் உருவம்னா தோல். அந்தத் தோலுக்குள்ள ஒரு சாய்சதுரம் இருந்தா பூச்சு ஏத்தின தோல். வலைக்கட்டம்னா துணி. வெறும் சாய்சதுரம்னா ரப்பர், ரெக்சின் மாதிரி மத்தது. எங்க செருப்போட சீட்டு பாதி அழிஞ்சிருந்துச்சு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பார்த்தேன். வாருக்கு நேரா வெறும் சாய்சதுரம். பெரிய எழுத்துல சொல்லாததைக் குட்டிப் படத்துல சொல்லியிருக்காங்க.

அப்புறம் அவர் தன் செருப்போட உள்பக்கத்தைக் காட்டினார். அதுல எழுத்தே கிடையாது. ஆனா என் அஞ்சு விரலும் குதிகாலும் கருப்பா அப்படியே பதிஞ்சிருந்துச்சு. பட்டை போட்டுப் பதப்படுத்தின தோல் வேர்வையைக் குடிச்சு, காலுக்கேத்த மாதிரி பள்ளம் விழும். முதல் வாரம் கடிக்கும், விளக்கெண்ணெய் தடவணும். நனைஞ்சா நிழல்ல காய வைக்கணும், வெயில்ல போட்டா முறுகி வெடிக்கும். பையன் வாங்கின செருப்புல கால் பதியவே இல்லை, மேல்பூச்சு செதில் செதிலா உரிஞ்சிருந்துச்சு.

சரி, நியாயமான விலை எது? இந்த இடத்துலதான் எனக்கு வெட்கமாப் போச்சு. டயர் செருப்பை ரெண்டு வருஷத்துக்கு முன்னால வாங்கும்போது அவர் 650 ரூபாய் கேட்டார். நான் பேரம் பேசி 500 கொடுத்துட்டு, சாமர்த்தியமா வாங்கிட்டதா நினைச்சுக்கிட்டு வந்தேன். அன்னைக்கு அவர்கிட்டயே கணக்குக் கேட்டேன். வாருக்கும் மேல் அட்டைக்கும் சேதாரம் சேர்த்து ஒன்றரைச் சதுர அடி தோல், சதுர அடி 120 வீதம் 180 ரூபாய். டயர் அடி 60. நூல், ஆணி, பசை, பக்கிள் 40. ஆக 280. வேலை அஞ்சு மணி நேரம். எங்க ஊர்ல ஆம்பளை ஆளுக்கு எட்டு மணி நேரக் கூலி 700. அந்தக் கணக்குல அஞ்சு மணி நேரத்துக்கு 437 வருது. மொத்தம் 717. அவர் கேட்டதே குறைச்சல். நான் 500 கொடுத்ததுல அவர் கையில நின்னது 220. மணிக்கு 44 ரூபாய்!

தக்காளிக்கு மண்டியில விலை அடிக்கிறாங்கன்னு இதே பக்கத்துல எத்தனை தடவை புலம்பியிருக்கேன்.

உழைச்ச கணக்கையும் பாருங்க. 500 ரூபாய்க்கு வாங்கின செருப்பு, நடுவுல ஒருதடவை 150 கொடுத்து அடி மாத்தினது, ரெண்டு வருஷம் போயும் இன்னும் நடக்குது. கேட்ட 650ஐயே கொடுத்திருந்தாலும் மாசத்துக்கு 33 ரூபாய்தான். அந்த 1,499 அஞ்சு மாசத்துல முடிஞ்சுது. மாசம் 300. அதுல கடைச் செலவு, விளம்பரம், கூரியர் எல்லாம் சேரும்னு தெரியும். அதையெல்லாம் கொடுக்கலாம், வார் தோலா இருந்து, அடியோட தைச்சிருந்தா. ரெக்சின் வாருக்கும் பசைக்கும் அண்ணன் போட்ட விலை நானூறு. "அதுக்கு மேல கொடுத்தா அது எழுத்துக்குக் கொடுத்த காசுங்க தம்பி"ன்னார்.

அன்னைக்கே புதுசா ஒரு ஜோடிக்குக் கால் அளவு கொடுத்தேன். காகிதத்துல காலை வச்சுப் பென்சிலால கோடு போட்டுக்கிட்டார். அடுத்த சந்தைக்கு ரெடியா இருந்துச்சு. இப்பவும் 650தான் கேட்டார். நான் 800 கொடுத்துட்டு வண்டியை எடுக்கப் போனேன். கூப்பிட்டு நிறுத்தினார்.

"150 ஜாஸ்தியா இருக்குங்க."

"இருக்கட்டும்ண்ணா, பழைய பாக்கி."

கொஞ்ச நேரம் நோட்டைப் பார்த்துட்டு, "பாக்கியெல்லாம் ஒண்ணும் இல்லை. அடுத்த தடவை அடி மாத்துறதுக்கு இதுல கழிச்சுக்கறேன்"னு சொல்லி மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார்.