காய்ந்த மண்ணுக்குத்தான் கணக்கு

தெருவேலைக்கு சுண்ணாம்பு இறங்கியதும் மேஸ்திரி முதலில் கேட்பது இதைத்தான்: "சார், லோடுக்கு எத்தனை மூட்டை?" கான்கிரீட் கலந்து பழகியவர் அப்படித்தான் கேட்பார். ஆனால் மண்ணைப் பொறுத்தவரை லோடு என்பது ஓர் அளவே இல்லை. அள்ளிக் கொட்டிய மண்ணில் பாதி காற்று. மழைக்கு மறுநாள் அள்ளினால் அதே டிப்பரில் தண்ணீர் கூடுதலாக ஏறியிருக்கும். சுண்ணாம்பு வினைபுரிவது களிமண் துகளோடு. காற்றும் தண்ணீரும் கூடிக்குறையும். துகளின் எடை மாறாது. அதனால் சுண்ணாம்பானாலும் சிமெண்டானாலும் எத்தனை சதவீதம் என்று சொன்னால், உலர்ந்த மண்ணின் எடையில் அத்தனை சதவீதம் என்றே பொருள்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கணக்கு அடிக்கடி தேவைப்படுகிறது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயனம்பாக்கம் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி என்று ஏரிகளைச் சுற்றி வளர்ந்த ஊர்கள் இவை. ஏரிப் பாசன வயல்கள் மனைகளானபோது வரப்பு இருந்த இடம் தெருவானது. மேலே கொட்டிய சவுடும் கட்டட இடிபாடும் ஓரடி, ஈரடிதான். அதற்குக் கீழே வயலின் களிமண் அப்படியே இருக்கிறது. வெயிலில் வெடிக்கும், ஐப்பசி மழையில் குழையும். அதன்மேல் எவ்வளவு நல்ல தார் போட்டாலும் அடுத்த மழைக்குள் சக்கரத் தடத்தில் பள்ளம் விழும்.

மேலே ஓரடி கிராவல் கொட்டி உயர்த்துவதுதான் முன்பெல்லாம் செய்த வழி. தெரு உயர்ந்தது, வீடுகள் பள்ளத்தில் இறங்கின, மழைநீர் வாசற்படி தாண்டியது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு கண்டிப்பாகச் சொன்ன பின், மட்டத்தை உயர்த்தாமல் அடிமண்ணைத் திடமாக்கும் வழியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இருக்கும் மண்ணையே கிளறி, சுண்ணாம்பு கலந்து, திரும்ப அமுக்குவது அவற்றுள் ஒன்று.

சுண்ணாம்பா சிமெண்டா என்பதை மண்ணே சொல்லிவிடும். ஈர மண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். நூல்போல நீளமாகத் திரிந்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் அது சுண்ணாம்புக்கான களி. திரிவதற்குள் உதிர்ந்துவிடும் மணற்பாங்கான சவுடாக இருந்தால் சிமெண்ட் போதும். களிக்கட்டிக்குள் சிமெண்ட் நுழையாது. கட்டியின் தோல் மட்டும் இறுகும், உள்ளே பழைய களி அப்படியே இருக்கும். சுண்ணாம்பிலிருக்கும் கால்சியமோ களித்துகள்களைச் சேர்த்துக் குருணையாக்குகிறது. வழுவழுவென்றிருந்த மண் ஒரே நாளில் பொலபொலவென்று ஆகிவிடும்.

எத்தனை சதவீதம் என்பது சோதனைச்சாலை வேலை. சலித்த மண்ணில் 25 கிராம் உலர் எடைக்கு எடுத்து, 2, 3, 4, 5, 6 சதவீதம் என்று தனித்தனிக் குப்பிகளில் சுண்ணாம்பு போட்டு, 100 மில்லி நீர் சேர்த்துக் குலுக்குவார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் காரத்தன்மையை அளந்தால், பிஎச் 12.4-ஐத் தொடும் மிகக் குறைந்த அளவு எதுவோ அதுதான் தொடக்கப் புள்ளி. அந்த அளவில் கலந்த மண்ணை நான்கு நாள் நீரில் ஊறவைத்து சிபிஆர் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். நிழலில் உலர்த்திய மண்ணிலும் ஈரம் ஒளிந்திருக்கும். அதில் 6 சதவீதம் ஈரம் இருந்தால் 25 கிராம் உலர்மண் வேண்டி 26.5 கிராம் எடுக்க வேண்டும். குப்பியில் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, தெருவில் ஈர மண்ணின் எடைக்குச் சதவீதம் போடுவதில் அர்த்தமில்லை.

இனி ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். நீளம் 60 மீட்டர், அகலம் 3 மீட்டர், பரப்பு 180 சதுர மீட்டர். பழைய தாரையும் ஜல்லியையும் எடுத்தாயிற்று, 16 செ.மீ. ஆழத்துக்குக் களிமண்ணைக் கிளறப்போகிறோம். கிளறுவதற்கு முன் மண்ணின் அடர்த்தி தெரிய வேண்டும். சிறு குழி தோண்டி, வந்த மண்ணை எடை போட்டு, குழியை எடை தெரிந்த மணலால் நிரப்பிக் கொள்ளளவைக் கண்டுபிடிப்போம். ஈரத்தோடு கன மீட்டருக்கு 1800 கிலோ என்றும், ஈரம் 24 சதவீதம் என்றும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இந்த இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். 24 சதவீதம் ஈரம் என்றால் 1800-இல் 24 சதவீதத்தைக் கழிப்பது தவறு. மண்ணியலில் ஈரம் உலர்மண்ணின் எடைக்குத்தான் சதவீதமாகச் சொல்லப்படுகிறது: 100 கிலோ உலர்மண்ணில் 24 கிலோ நீர், மொத்தம் 124. ஆகவே 1800-ஐ 1.24-ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறத்தாழ 1450 கிலோ. கழித்திருந்தால் 1368 என்று குறைந்திருக்கும்.

ஒரு சதுர மீட்டரில் 16 செ.மீ. ஆழத்துக்கு 0.16 பெருக்கல் 1450, அதாவது 232 கிலோ உலர்மண். குப்பிச் சோதனை 5 சதவீதம் சொல்லியிருந்தால் சதுர மீட்டருக்கு 11.6 கிலோ சுண்ணாம்பு. முழுத் தெருவுக்கு 41,760 கிலோ உலர்மண், 2088 கிலோ சுண்ணாம்பு. ஈர மண்ணின் எடையையே வைத்துப் போட்டிருந்தால் 2592 கிலோ ஆகியிருக்கும்; அரை டன் சுண்ணாம்பு வீண். அதைவிட, ஈரம் மாற மாற ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு அளவு போய், எது எதனால் நின்றது, எது எதனால் உடைந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ரோலர் ஓடிய பிறகு இதே மண் கன மீட்டருக்கு 1600 கிலோ உலர் அடர்த்திக்கு இறுகினால் 16 செ.மீ. என்பது 14.5 செ.மீ. ஆகிவிடும். கிளறிய நிலையில் அதுவே 20 செ.மீ.க்கு மேல் உப்பியிருந்தது. எந்த நிலையில் அளந்தாலும் சதுர மீட்டருக்கு அந்த 232 கிலோதான். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்த எண் அதுதான்.

சுண்ணாம்பின் தரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறையின் விதிநூல் எடையில் 70 சதவீதமாவது சுண்ணச் சத்து கேட்கிறது. சோதனைச்சாலைச் சுண்ணாம்பில் 70 இருந்து, கடையிலிருந்து வந்ததில் 60தான் இருக்கிறதென்றால், 2088-ஐ 70-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்து 2436 கிலோ போட வேண்டும். மூட்டை பிரிந்து நாள்பட்ட சுண்ணாம்பு காற்றின் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு வெறும் சுண்ணாம்புக்கல் தூளாக மாறிவிடும். ஒரு கரண்டித் தூளில் நீர்த்த அமிலம் விட்டால் சீறிப் பொங்குவதைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம்.

தெருவில் ஈரம் பார்க்க அடுப்பில் தட்டு வைத்து மண்ணை வறுப்பது ஒரு வழி. கார்பைடு தூள் போட்டுக் குலுக்கும் ஈரமானி இன்னொன்று. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அந்தக் கருவியின் முள் காட்டுவது ஈர மண்ணின் எடையில் எத்தனை சதவீதம் நீர் என்பதை. நம் மண்ணுக்கு அது 19.4 காட்டும். அந்த 19.4-ஐ 100-இலிருந்து கழித்து வரும் 80.6-ஆல் வகுத்தால்தான் 24 கிடைக்கும். இதை மறந்தால் சுண்ணாம்புக் கணக்கில் 4 சதவீதம் பிசகும், அது பெரிதில்லை. தண்ணீர்க் கணக்கில் வரும் பிசகுதான் ஆபத்து. கலவை நன்றாக இறுக 22 சதவீதம் நீர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் மண்ணில் அதைவிட அதிகம் இருக்கிறது. சுண்ணாம்புத் தூள் சேர்ந்தாலே ஏறத்தாழ சரியாகிவிடும். முள்ளை அப்படியே நம்பினால் 2.6 சதவீதம் போதவில்லை என்று ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் அடித்துவிடுவோம். பிறகு ரோலர் முன்னால் போகப் போக மண் அலையாய்ப் பின்னால் எழும்பும். அந்த அலையைக் கண்டால் ரோலரை நிறுத்திவிட்டு, மண்ணைக் கிளறி ஆறவிடுவதுதான் வழி. மேலும் மேலும் ஓட்டினால் குழையும்.

இப்போது மேஸ்திரிக்குப் பதில் சொல்லலாம். 2436 கிலோவை 180-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 13.5 கிலோ. 25 கிலோ மூட்டை 1.85 சதுர மீட்டருக்கு வரும். தெருவின் அகலம் 3 மீட்டர் என்பதால் 62 செ.மீ.க்கு ஒரு குறுக்குக் கோடு. கோட்டுக்கு ஒரு மூட்டை. கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் யாரும் எதையும் எண்ண வேண்டியதில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் தார்ப்பாயைத் தெருவில் விரித்து, அதன்மேல் விழுந்த சுண்ணாம்பைத் தூக்கி எடை போட்டால் பரப்பிய அளவு சரியா என்று உடனே தெரியும். காற்றடிக்கும் நேரத்தில் பரப்பக் கூடாது. குறுகிய தெருவில் தூள் நேராக வீட்டு ஜன்னலுக்குள் போகும், கண்ணை எரிக்கும்.

பெரிய கலவை எந்திரங்கள் இந்தத் தெருக்களுக்குள் திரும்பாது. டிராக்டரில் பூட்டிய ரோட்டவேட்டர்தான். கெட்டிக் களி என்றால் ஒரே ஓட்டத்தில் உடையாது. முதலில் சுண்ணாம்பில் பாதியைப் போட்டுக் கலந்து, லேசாக அமுக்கி, ஒருநாள் விட வேண்டும். மறுநாள் கட்டிகள் தாமாகவே உதிரத் தொடங்கியிருக்கும். அப்போது மீதியைப் போட்டுக் கலந்தால் சீராகச் சேரும். அந்த இறுதிக் கலவைக்குப் பின் மூன்று மணி நேரத்துக்குள் ரோலர் வேலை முடிய வேண்டும். சிமெண்ட் என்றால் இந்த ஒருநாள் சலுகை கிடையாது; கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறுக்கிவிட வேண்டும்.

ரோட்டவேட்டரின் கத்தி உண்மையில் எவ்வளவு ஆழம் போனது என்பதை ஓட்டுநரின் பேச்சைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது. நான்கைந்து இடங்களில் சிறு குழி வெட்டி, குழியின் சுவரில் ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளிப்போம். சுண்ணாம்பு போன இடம் ரோஜா நிறமாகும். நிறம் 16 செ.மீ. வரை தொடர்ந்து இறங்கினால் சரி. 10 செ.மீ.யில் நின்றுவிட்டால் மேலே தேவைக்கு மேல் சுண்ணாம்பு, கீழே வெறும் களி. சிவப்பின் நடுவே மண் நிறப் புள்ளிகள் தெரிந்தால் கட்டி உடையவில்லை. இன்னொரு ஓட்டம் வேண்டும். ஆனால் பிஎச் 10-ஐத் தாண்டினாலே முழு நிறமும் வந்துவிடும். அதனால் நிறத்தை வைத்துக் கலந்த ஆழத்தைச் சொல்லலாமே தவிர, அளவு போதுமா என்று சொல்ல முடியாது.

சில தெருக்களில் இந்த முறையைத் தொடவே கூடாது. கழிவுநீர் தேங்கிக் கறுத்த மண்ணிலும் குப்பை கொட்டி மூடிய இடத்திலும் மக்கிய பொருள் சுண்ணாம்பைத் தின்றுவிடும்; எத்தனை சதவீதம் போட்டாலும் குப்பியில் 12.4 வராது. சல்பேட் மிகுந்த மண்ணில் இறுகிய அடுக்கு சில மாதத்தில் வீங்கி எழும். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய பள்ளம் தெரு நடுவே ஓடினால், அந்தப் பள்ளத்தை முதலில் அடியிலிருந்து அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். மேலே 15 செ.மீ. மட்டும் கெட்டியாக்கினால் கீழே மண் அமரும்போது அது பலகைபோல ஒடியும்.

ரோலர் போன பின் ஏழு நாள் தெருவை ஈரம் காயாமல் மூடி வைக்க வேண்டும். இந்த ஏழு நாளைத்தான் புறநகரில் வாங்குவது கடினம். இருசக்கர வண்டிகள் போகலாம் என்று விட்டால் மறுநாள் தண்ணீர் லாரி வந்து நிற்கும். வேலை தொடங்கும் முன்பே வீடு வீடாகச் சொல்லி, தண்ணீர்த் தொட்டியைத் தெருமுனைக்கு மாற்றி, இரு முனையிலும் தடுப்பு வைத்துவிட்டுத்தான் முதல் மூட்டையைப் பிரிப்பேன்.