இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி



இடுப்பில் தொடங்கி, பிட்டம், பின்தொடை, கெண்டைக்கால் என்று பாதம்வரை இறங்கும் வலியை அரபு மருத்துவ நூல்கள் ‘இர்குந் நஸா’ என்று அழைக்கின்றன. ‘நஸா’ என்றதும் பெண்களைக் குறிக்கும் ‘நிஸா’ என்று எண்ணிவிடாதீர்கள். இது காலில் ஓடும் நரம்பின் பெயர். இந்த வலி மற்றெல்லாவற்றையும் மறக்கடித்துவிடுவதால் அப்பெயர் வந்ததாகவும் ஒரு கருத்தை இப்னுல் கையிம் (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். அரபுக் கல்லூரியில் அந்தப் பாடத்தை ஓதியபோது சிரித்தோம். 2022இல் எனக்கே வந்தபோதுதான் அதன் உண்மை புரிந்தது.

அது எரிவாயுத் தட்டுப்பாட்டுக் காலம். வரிசையில் நின்று கிடைத்த சிலிண்டரை எல்ல வீதியிலிருந்து எங்கள் வீட்டுப் படிகளில் தூக்கி ஏறினேன். எரிவாயு மட்டுமே 12.5 கிலோ, இரும்போடு சேர்த்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வாசலில் அதை இறக்கும்போது குனிந்தபடியே உடம்பைத் திருப்பினேன். அவ்வளவுதான். குனிவது, பாரம், திருப்பம் ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் சேரக் கூடாது என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. மறுநாள் இடுப்பில் பிடிப்பு. மூன்றாம் நாள் அது காலுக்கு இறங்கிவிட்டது.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற வட்டுக்கள் இருக்கின்றன. முன்னால் குனியும்போது வட்டின் உள்ளிருக்கும் களி பின்பக்கம் தள்ளப்படுகிறது. அங்கேதான் காலுக்குச் செல்லும் நரம்பின் வேர் இருக்கிறது. வட்டு பிதுங்கி அந்த வேரை உறுத்தினால், நோவு இடுப்பில் அல்ல, காலில்தான் அதிகம் தெரியும். இருமினாலும் தும்மினாலும் கால்வரை மின்னல் பாயும்.

“நரம்பு சுருங்கிவிட்டது, இழுத்துவிட்டால் சரியாகும்” என்று வேண்டிய ஒருவர் சொன்னார். முழங்காலை மடக்காமல் குனிந்து பெருவிரலைத் தொடும் பயிற்சியை ஒரு கிழமை செய்தேன். முதலில் முழங்காலோடு நின்றிருந்த வலி சின்னவிரல்வரை போய்விட்டது. உறுத்தப்பட்ட நரம்பை இழுப்பது காயத்தைச் சுரண்டுவது போல. மல்லாந்து படுத்து இரு கால்களையும் ஒன்றாகத் தூக்குவதும், கால் நீட்டிப் படுத்து எழும்பும் பயிற்சியும் இதே வகைதான். அவற்றை விட்டுவிடுங்கள்.

பிறகு பதுளைக்குப் போய் ஒரு பிசியோதெரபி தம்பியிடம் காட்டினேன். அவர் காலைத் தூக்கிப் பார்த்தார், பெருவிரலைத் தள்ளச் சொன்னார், குதிகாலில் நடக்க வைத்தார். கடைசியில், “மௌலவி, கொஞ்சம் குப்புறப் படுங்க” என்றார்.

எனக்குத் தயக்கமாகிவிட்டது. குப்புறப் படுத்துறங்குவதை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்று பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவன் நான். கொஞ்சம் யோசித்தேன். அங்கே சொல்லப்பட்டது உறங்கும் முறை பற்றி. இது சில நிமிட மருத்துவம். தேவைக்காகச் செய்வது அந்த வெறுப்பில் சேராது என்று மனம் தெளிந்து படுத்தேன். ஐந்து நிமிடத்தில் பாதத்து எரிச்சல் கெண்டைக்காலுக்கு ஏறியது. இடுப்பில் மட்டும் நோவு கூடியது. நான் பயந்தேன். “அதுதான் நல்ல அடையாளம்” என்றார் தம்பி.

இந்த ஒரு விதியை நன்றாக மனதில் வையுங்கள். வலி பாதத்திலிருந்து மேலே ஏறி இடுப்பை நோக்கிச் சுருங்கினால், இடுப்பில் சற்றுக் கூடினாலும், அந்த அசைவு உங்களுக்கு உகந்தது. வலி கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும். நியூஸிலாந்தின் ரொபின் மெக்கென்ஸி என்ற பிசியோதெரபிஸ்ட் இதைத் தற்செயலாகவே கண்டார். 1956இல் அவரிடம் வந்த நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துக் கிடந்தார். எழும்பியபோது பல நாள் கால் வலி நின்றுவிட்டிருந்தது.

நான் செய்தது இதுதான். முதலிரண்டு நாளும் வெறுமனே குப்புறப் படுப்பது, ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை. அது பழகியதும் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்தி இரண்டு நிமிடம். அதன் பிறகு உள்ளங்கைகளை ஊன்றிக் கைகளை மெல்ல நீட்டுவது. இடுப்பு பாயிலேயே கிடக்க வேண்டும். முதுகு தானாக உயரக் கூடாது, கைகளே தூக்க வேண்டும். பத்துத் தடவை. இடையிடையே பத்து நிமிட நடை. கட்டிலோடு கிடப்பதால் விரைவில் சுகம் வருவதில்லை. ஆறாவது கிழமையில் இடுப்பில் மட்டும் ஒரு பிடிப்பு மிஞ்சியது; அதுவும் போய்விட்டது, அல்ஹம்துலில்லாஹ். பலருக்கும் ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் தணிந்துவிடுகிறது.

கர்ப்பிணிகளுக்குக் குப்புறப் படுப்பது சரிவராது. முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துப் பக்கவாட்டில் படுங்கள். எந்த அசைவு பொருந்தும் என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழுகை பற்றிச் சகோதரிகள் அடிக்கடி கேட்கிறார்கள். வலி வந்ததுமே கதிரையில் அமர்ந்துவிடுகிறார்கள். ஆனால் வட்டு நோவுக்கு உட்காருவதுதான் பெரும்பாலும் அதிக உறுத்தல், நிற்பது இலேசு. ருகூஉவும் ஸுஜூதும் முடியாவிட்டாலும் நிற்க முடிந்தவர் நிற்க வேண்டும் என்பதே நமது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். மார்க்கமும் மருத்துவமும் இங்கே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. ருகூஉவுக்கு இயன்றளவு சாய்ந்து, ஸுஜூதுக்கு அதைவிடச் சற்றுத் தாழ்ந்து சைகை செய்யலாம். நிற்கவே முடியாதவருக்கு அமர்ந்தும், அதுவும் முடியாதவருக்குப் படுத்தும் தொழச் சலுகை இருக்கிறது.

தரையில் அமர்ந்து தேங்காய் துருவுவதையும், குனிந்து கூட்டுவதையும் சில கிழமைக்கு வேறொருவரிடம் கொடுங்கள். கணவன்மாருக்கும் கைகள் உண்டு.

ஆனால் எல்லாக் கால் வலிக்கும் இதே மருந்தல்ல. எங்கள் அயலில் அறுபத்தைந்து வயது உம்மா ஒருவர், என்னைப் பார்த்துத் தாமும் குப்புறப் படுத்தார், வலி கூடிவிட்டது. அவருக்குக் கடைக்கு இறங்கும்போது இரு கால்களும் கனத்து மரத்துப்போகும், திண்ணையில் குனிந்து உட்கார்ந்தால் தணியும். ஏற்றத்தில் சற்று முன்சாய்ந்து நடப்பதால் ஏறுவது இறங்குவதைவிட இலேசு. வயதால் முதுகெலும்பின் நரம்புக் குழாய் ஒடுங்கியவர்களின் அடையாளம் இது. பின்னால் வளைவது குழாயை இன்னும் ஒடுக்கும். மல்லாந்து படுத்து முழங்கால்களை ஒவ்வொன்றாக நெஞ்சுக்குக் கொண்டுவருவதே அவருக்கு உதவியது. ஆகவே, குனிந்தால் கூடுகிறதா, நிமிர்ந்தால் கூடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆட்டு வால் கொழுப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். இப்னு மாஜாவில் அனஸ் (ரழி) வழியாக அந்த ஹதீஸ் இருக்கிறது. ஹிஜாஸ் பிரதேச அரபிகளுக்கும் அவர்களை அடுத்து வாழ்ந்தோருக்கும் உரியது என்று இப்னுல் கையிம் விளக்குகிறார்கள். பதுளைச் சந்தையில் கிடைக்கும் ஆடுகளுக்கு அப்படிப்பட்ட வாலே கிடையாது!

பாதம் தொங்கிச் செருப்பு கழன்று விழுந்தாலோ, காய்ச்சலோடு முதுகு நோவு வந்தாலோ, விழுந்த பிறகு தொடங்கினாலோ பயிற்சி எதுவும் வேண்டாம், டொக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் அடைபட்டாலோ, அறியாமல் கசிந்தாலோ, மலம் அடக்க முடியாமற் போனாலோ, மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். அன்றிரவே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெட்கத்தால் இதை மறைக்கும் பெண்களுக்காகவே இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறேன். நேரம் தவறினால் அந்த நரம்புகள் மீளாமலே போகலாம்.