மாவின் மேல் இருந்த திட்டு

பூஞ்சை பிடித்த மாவில் தோசை சுட்டு என் மாமியாருக்குக் கொடுத்தேன். தெரியாமல் அல்ல, தெரிந்தேதான் கொடுத்தேன். கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தவள் நான். அதனால் தெரியவில்லை என்ற சமாதானம்கூட எனக்குக் கிடையாது.

மே மாதம், மின்வெட்டு அடிக்கடி இருந்த வாரம். ஃப்ரிட்ஜில் பழைய மாவு இருந்த தூக்கைக் கழுவாமல், புதிதாக அரைத்ததை அதிலேயே ஊற்றி வைத்திருந்தேன். சில நாள் கழித்துத் திறந்தபோது புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்த மாவிலிருந்து பச்சையும் சாம்பலும் கலந்த ஒரு திட்டு, பஞ்சு போல, மாவின் மேல் வரைக்கும் இறங்கியிருந்தது. கரண்டியால் அந்த இடத்தை வழித்து எறிந்தேன். மிச்சத்தில் வெங்காயமும் இஞ்சியும் பச்சை மிளகாயும் தூக்கலாகப் போட்டு முறுகலாகச் சுட்டேன்.

"மாவு ரொம்பப் புளிச்சிருச்சோம்மா?" என்று அத்தை கேட்டார்.

"வெயில் அத்தை, அதான்" என்றேன்.

அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்தது. மாவு புளித்தும்தான் இருந்தது, அதற்குக் காரணம் வெயில்தான். ஆனால் புளிப்பால் யாருக்கும் ஆபத்தில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். லூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள் உளுந்தோடு ஒட்டிக்கொண்டே நம் வீட்டுக்கு வருகின்றன. அரைத்து வைத்ததும் மாவில் கரைந்திருக்கும் சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவையும் லாக்டிக் அமிலத்தையும் வெளியிடுகின்றன. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைப்பதால் மாவு பொங்குகிறது. அமிலம் சேரச் சேரப் புளிக்கிறது. அரைத்தவுடன் 6-க்கு மேல் இருக்கும் பிஹெச் அளவு, நன்றாகப் புளித்ததும் 4.5 அருகே இறங்கிவிடும். வயிற்றைக் கெடுக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை அந்த அமிலத்தில் தலையெடுக்க முடியாது. ஃப்ரிட்ஜில் வைத்தாலும் இந்த வேலை நிற்பதில்லை, மெதுவாகிறது, அவ்வளவுதான். மின்சாரம் போய்ப் போய் வந்தால் மறுபடி வேகம் பிடிக்கும்.

ஆகவே தயிர் வாடையோடு சுள்ளென்று புளிக்கும் மாவைத் தாராளமாகச் சமைக்கலாம். வாயு வெளியேறிவிட்டதால் இட்லி தட்டையாக வரும். ஊத்தப்பத்துக்கும் பணியாரத்துக்கும் அது ஒரு குறையே இல்லை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மேலே தண்ணீர் பிரிந்து நிற்பதும் பயப்பட வேண்டியதல்ல, கலக்கினால் சரியாகிவிடும்.

பூஞ்சை விஷயம் வேறு. கிருமிகளைத் தடுக்கும் அதே அமிலத்தை அது பொருட்படுத்துவதில்லை. காற்றும் ஈரமும் இருந்தால் போதும், தூக்கின் விளிம்பில் காய்ந்த மாவு அதற்குத் தோதான இடம். கண்ணுக்குத் தெரிகிற திட்டு மேல்பாகம் மட்டுமே. கூழாக இருக்கும் மாவில் அதன் இழைகள் கீழேயும் ஓடியிருக்கும். வழித்து எறிந்தால் கண்ணுக்குத் தெரிந்ததுதான் போகும். சூடான கல்லில் பூஞ்சை செத்துவிடலாம், ஆனால் சில பூஞ்சைகள் உண்டாக்கும் நஞ்சு தோசை வேகும் சூட்டில் அழியாது. பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று எந்த நிறத்தில் திட்டு தெரிந்தாலும் முழு மாவையும் கொட்டத்தான் வேண்டும். புளிப்பு வாடைக்குப் பதிலாக அழுகிய நாற்றமோ ஊசிய நாற்றமோ அடித்தாலும் அப்படியே. உண்மையில், புளிக்கவே புளிக்காமல் நாறுகிற மாவைப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அமிலம் உண்டாகாத மாவில் வேறு கிருமிகளுக்குத் தடை ஏதுமில்லை.

இத்தனையும் தெரிந்தவள்தான் வழித்து எறிந்தாள். ஒரு படி அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டு, கிரைண்டர் ஓட்டி, கழுவி வைத்த உழைப்பைச் சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு வேறு வழி யோசிக்கவும் சோம்பல். எனக்கென்று சுட்டதை நான் சாப்பிடவில்லை, பசியில்லை என்று சொல்லிவிட்டேன். என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

அன்று இரவு அத்தைக்கு வாந்தி. விடியும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அந்தத் தோசைதான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மருத்துவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டபோது, "புளிச்ச மாவு தோசை" என்றுதான் சொன்னேன். பூஞ்சையைப் பற்றி வாயே திறக்கவில்லை. காரணம் தேடியவரிடமும் மறைத்தேன்.

அதற்குப் பிறகு மாவு தீர்ந்த தூக்கைக் கழுவி, வெயிலில் காய வைக்காமல் புது மாவு ஊற்றுவதில்லை. விளிம்பை ஒவ்வொரு முறையும் துடைத்து வைக்கிறேன். அத்தையோ புளிப்பு தனக்கு ஆகாது என்று முடிவு கட்டி, அவருக்குப் பிடித்த ஊத்தப்பத்தையே விட்டுவிட்டார். ஆகாதது புளிப்பு அல்ல என்று அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மிச்சத்தையும் சொல்லியாக வேண்டும். இதை எழுதி முடித்ததும் முதலில் அவரிடம்தான் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.